பெக்கேஜைக் கூட்டுவதற்கு முன் ஒரு வயரைப் போட்டுப் பாருங்கள்

ஒரு விடயத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஸூம் வகுப்பு நடத்திய காலத்தில் நாம் எத்தனையோ பிள்ளைகளை ஏசியிருக்கிறோம். கேள்வி கேட்டால் பதில் வராது. வந்தாலும் பாதி வசனம்தான் வரும். அடுத்த நிமிடம் பெயரே திரையில் இருந்து மறைந்துவிடும். "லைன் கட்டாகிட்டு சேர்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். பாடம் செய்ய மனமில்லாமல் பொய் சொல்கிறார்கள் என்றே நாம் நினைத்தோம். பெற்றோரிடமும் அப்படித்தான் சொன்னோம்.

போன மாதம் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பிள்ளைகளில் பலர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். எழுதுவது நீளம்தான். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை போனை வைத்து வகுப்போ நேர்முகமோ செய்கிறது என்றால் கடைசி வரை வாசியுங்கள்.

நம்மிடம் படித்த ஒரு மாணவி உயர்தரம் முடித்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருந்தாள். எழுத்து வேலைகள் எல்லாம் முடிந்து, கடைசியாக ஸூமில் 40 நிமிட நேர்முகம். வீட்டில் லேப்டொப் கிடையாது. இருப்பது ஒரு அன்ட்ரொய்ட் போன் மட்டும். நேர்முகத்துக்கு எட்டு நாள் முன்பு, பழக்கத்துக்காக நாம் அவளோடு ஸூமில் ஒரு மாதிரி நேர்முகம் வைத்தோம். அரை மணித்தியாலத்தில் ஆறு தடவை குரல் அறுந்தது. இரண்டு தடவை அவள் முழுதாகவே வெளியே போய்த் திரும்பி வந்தாள். நன்றாகப் பேசக்கூடிய பிள்ளை. மூன்றாவது தடவைக்குப் பிறகு வேகமாகவும் பயந்தும் பேசத் தொடங்கினாள். எப்போது அறுந்துவிடுமோ என்ற பதற்றம் குரலில் கேட்டது. உண்மையான நேர்முகத்தில் இது நடந்திருந்தால், கேட்பவர்களுக்கு லைன் தெரியாது, தடுமாறும் பிள்ளைதான் தெரியும்.

அவளுடைய வாப்பா அடுத்த நாளே நமக்குப் போன் எடுத்தார். "சேர், பெக்கேஜக் கூட்டினா சரியா வரும் எண்டு கடைப் பொடியன் சொல்றான். இல்லாட்டி வைஃபை பூஸ்டர் ஒண்டு வாங்கட்டாம். எதச் செய்யிற?" என்று கேட்டார். மாதா மாதம் கூடுதலாகக் கட்டுவதென்பது அவருக்குச் சின்ன விடயம் அல்ல. அதனால் ஒன்றையும் வாங்க வேண்டாம், முதலில் வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம்.

அந்த வீட்டின் அமைப்பு நம்மில் பலருடைய வீட்டைப் போன்றதுதான். ஃபைபர் லைன் முன் ஹோலுக்கு வருகிறது. ரவுட்டர் அங்கே டீவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளை படிக்கும் அறை குசினிக்குப் பக்கத்தில், பின்னால். இடையில் இரண்டு கல் சுவர். போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினாள். 30 எம்பிபிஎஸ்சுக்கு மேல் காட்டியது. ஒரு காணொளி அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் போதும். அப்படியானால் ஏன் அறுகிறது?

இங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். ஸ்பீட் டெஸ்ட் சில செக்கன்களுக்குள் எவ்வளவு டேட்டா வந்தது என்று கூட்டிச் சராசரி சொல்கிறது. நடுவில் அரைச் செக்கன் ஒன்றுமே வராமல் நின்றாலும், பிறகு வேகமாக வந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். யூடியூபும் அப்படித்தான். முன்கூட்டியே கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு ஓடுவதால் இடையில் நின்றது நமக்குத் தெரியாது. நேரடிப் பேச்சு அப்படி அல்ல. குரல் செக்கனுக்குச் சுமார் 50 சிறு பொதிகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. தாமதமாக வந்த பொதியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பேச்சு அதைத் தாண்டிப் போய்விட்டது. அது வராத பொதிக்குச் சமம். ஆகவே பேச்சுக்கு வேகத்தை விட ஒழுங்குதான் முக்கியம்.

ஒழுங்கு எங்கே கெடுகிறது, வீட்டுக்குள்ளா வெளியேயா? இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. போனில் `Termux` என்ற இலவசச் செயலியைப் போட்டு, அதில் இப்படி எழுத வேண்டும்:

```
ping -c 60 192.168.1.1
```

அந்த இலக்கம் வீட்டு ரவுட்டரின் முகவரி. சில ரவுட்டர்களில் அது `192.168.8.1` ஆகவோ வேறாகவோ இருக்கும். போனின் வைஃபை விபரத்தில் `Gateway` என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டளை போனிலிருந்து ரவுட்டருக்குச் செக்கனுக்கு ஒன்றாக 60 தடவை தட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் வர எத்தனை மில்லி செக்கன் எடுத்தது என்று வரிவரியாகக் காட்டும். முடிவில் `packet loss` என்று எத்தனை வீதம் தொலைந்தது என்பதைச் சொல்லும். இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தட்டல் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. கம்பனிக்கும் பெக்கேஜுக்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை.

பின்னறையில் இருந்து போட்டுப் பார்த்தோம். 60 இல் 53 தான் திரும்பி வந்தது. வந்தவற்றிலும் பெரும்பாலானவை 5, 6 மில்லி செக்கனில் வந்தன, இடையிடையே சில 400 க்கு மேல் போயின. பிறகு ரவுட்டருக்கு முன்னால் நின்று அதையே போட்டோம். ஒன்றும் தொலையவில்லை. ஆகவே நோய் அந்தப் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் இருக்கிறது. பெக்கேஜை இரண்டு மடங்காகக் கூட்டியிருந்தாலும், ரவுட்டர் வரைக்கும் வேகமாக வந்து, அதற்குப் பிறகு அதே சுவரில்தான் முட்டியிருக்கும். வாப்பாவுக்கு இது உடனே விளங்கியது. "அப்ப தண்ணி டேங்க் வரைக்கும் நிறைய வருது, பைப்பில ஓட்டை" என்றார். அதுதான் சரியான விளக்கம்.

நம்முடைய ஊர்களில் இந்த ஓட்டை ஏன் இவ்வளவு பெரியது? கிழக்குக் கரையில் நம் ஊர்களைப் பாருங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனைப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு மதில்தான் இடைவெளி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர். சுவரைத் தாண்டிப் போகக்கூடிய வைஃபை அலை 2.4 கிகாஹேர்ட்ஸ். அதில் ஒன்றை ஒன்று மோதாத பாதைகள் மூன்றுதான் இருக்கின்றன, 1, 6, 11 என்று. பத்து வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்று பாதையில் ஓடுகின்றன. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசிவிட்டால் இரண்டும் வீணாகி, திரும்ப அனுப்ப வேண்டும். இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஓடும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். குசினியில் மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் அதே அலையில்தான் இரைகிறது. 5 கிகாஹேர்ட்ஸ் என்ற மற்ற அலையில் நெரிசல் குறைவு, ஆனால் இரண்டு கல் சுவரைத் தாண்டும்போது அது மெலிந்துவிடும். பூஸ்டரை வாங்கி நடுவில் வைத்தாலும் அது அதே நெரிசலுக்குள் நின்றுகொண்டுதான் வாங்கிக் கொடுக்கும்.

வயருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதில் பேசுவது உங்கள் போனும் உங்கள் ரவுட்டரும் மட்டும்தான். போவதற்கும் வருவதற்கும் தனித்தனி வழி. சுவர் எத்தனை என்பது கணக்கே இல்லை.

"வயர் கொம்பியூட்டருக்குத்தானே சேர், போனுக்கு எப்படி?" என்று அந்தப் பிள்ளையின் நானா கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். டைப்-சி துளை உள்ள போனுக்கு நெட்வேர்க் வயரைக் கொடுக்கலாம். அதற்கு இரண்டு பொருள் வேண்டும்.

முதலாவது, கடையில் "டைப்-சி டு லேன் கன்வெர்டர்" என்று கேட்டால் தரும் சின்னப் பெட்டி. ஒரு பக்கம் போனில் செருகுவது, மறுபக்கம் நெட்வேர்க் வயர் செருகும் துளை. 100 எம்பிபிஎஸ், 1000 எம்பிபிஎஸ் என்று இரண்டு வகை இருக்கும். வகுப்புக்கும் நேர்முகத்துக்கும் 100 தாராளம். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் சிப். பெட்டியில் ரியல்டெக் 8152 அல்லது 8153, இல்லாவிட்டால் ஏசிக்ஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்கள் எதையும் இன்ஸ்டோல் பண்ணாமலே அதை அடையாளம் கண்டுகொள்ளும். சிப்பின் பெயரே இல்லாத மலிவுப் பொருளை வாங்குவதென்றால், போனைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஐபோன் 15 இல் இருந்து ஐபோனிலும் டைப்-சிதான். அதற்கும் இதே பொருள் பிடிக்கும். அதற்கு முந்திய ஐபோன்களுக்குத் துளை வேறு, பொருளும் வேறு.

இரண்டாவது, வயர். கெட் 5இ என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் தலை போட்டு வரும் ரெடிமேட் வயரையே வாங்குங்கள். இந்த வயர் 100 மீற்றர் வரை தாங்கும், ஆகவே வீட்டுக்குள் நீளம் ஒரு பிரச்சினை இல்லை. வளைத்து எடுக்கும் வழியை நூலால் அளந்து, அதற்கு மேல் இரண்டு மீற்றர் கூட்டி வாங்கினால் போதும். பழைய டெலிபோன் வயரின் தலையும் பார்க்க இதைப் போலவே இருக்கும், ஆனால் சிறியது. அது இதற்கு உதவாது.

இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்ச் செருகினோம். ஒன்றும் நடக்கவில்லை. கன்வெர்டரில் ஒரு வெளிச்சம் கூட இல்லை. வாப்பாவின் முகம் மாறியது. "பழுதாக்கும், கொண்டுபோய் மாத்துவம்" என்றார். இந்த இடத்தில் பலர் கைவிட்டு விடுவார்கள். அதனால் நாம் எந்த ஒழுங்கில் பார்த்தோம் என்பதைச் சொல்கிறோம். வெளிச்சம்தான் வழிகாட்டி.

வெளிச்சமே இல்லை என்றால் கன்வெர்டருக்குப் போனில் இருந்து கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். சில கம்பனிகளின் போன்களில், வெளிப் பொருளுக்குக் கரண்ட் கொடுப்பதை `Settings` இல் `OTG` என்று தேடி நாமே போட வேண்டும். பத்து நிமிடம் ஒன்றும் செருகாவிட்டால் அது தானாகவே அணைந்தும்விடும். அந்தப் பிள்ளையின் போனில் இருந்தது இதுதான். போட்டவுடன் வெளிச்சம் வந்தது.

கன்வெர்டரில் வெளிச்சம் வந்தும் வயர் செருகும் துளையில் வெளிச்சம் இல்லை என்றால், வயரோ ரவுட்டர் பக்கமோதான் குற்றம். தலை "டிக்" என்று சத்தம் கேட்கும் வரை உள்ளே போக வேண்டும். அதற்கும் வராவிட்டால் வேறொரு வயரைப் போட்டுப் பாருங்கள்.

எல்லா வெளிச்சமும் எரிகிறது, ஆனால் போனின் `Settings` இல் `Ethernet` என்று எதுவுமே உயிர் பெறவில்லை என்றால் போனுக்கு அந்தச் சிப்பைத் தெரியவில்லை. அதற்கு மருந்து வேறு சிப் உள்ள கன்வெர்டர்தான். சில போன்களில் `Ethernet tethering` என்றும் ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போடாதீர்கள். அது தலைகீழ் வேலை. உங்கள் சிம் டேட்டாவை எடுத்து வயர் வழியாக வெளியே கொடுப்பது.

நமக்கு அடுத்ததாக வந்த தடங்கல் வேறு. வெளிச்சம் எல்லாம் சரி, போனின் மேல் வரிசையில் வயர் இணைப்பின் அடையாளமும் வந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை. காரணம் ரவுட்டரின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரே மாதிரி நான்கு துளைகள். சில ஃபைபர் ரவுட்டர்களில் அதில் ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கென்று கம்பனி ஒதுக்கி வைத்திருக்கும். பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது, அதில் இணையம் வராது. நாம் செருகியது அதில்தான். முதலாவது துளைக்கு மாற்றினோம், வந்துவிட்டது. `WAN` என்று எழுதிய துளையும் இதற்கல்ல. `LAN` என்று எழுதியதில்தான் செருக வேண்டும்.

வந்தது வயரில்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல், வைஃபையிலேயே ஓடிக்கொண்டு வயரில் ஓடுவதாக நினைத்தவர்களும் இருக்கிறார்கள். வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் திறந்தால் அது வயர்தான். பின்னறையில் இருந்து அதே `ping` கட்டளையைத் திரும்பப் போட்டோம். 60 அனுப்பி 60 உம் வந்தது. எல்லாம் 1, 2 மில்லி செக்கனுக்குள். அந்தப் பிள்ளை வரிவரியாக ஒரே மாதிரி இலக்கம் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று இரவே மாதிரி நேர்முகத்தைத் திரும்ப வைத்தோம். 40 நிமிடம், ஒரு தடவை கூட அறவில்லை.

இன்னொன்று மிச்சமிருந்தது. போனில் இருப்பது ஒரே துளை. அதில் கன்வெர்டரைச் செருகினால் சார்ஜ் போட இடமில்லை. கன்வெர்டரும் போனின் பெட்டரியில் இருந்துதான் கரண்ட் எடுக்கிறது, ஸூமும் எடுக்கிறது. முழுச் சார்ஜில் தொடங்கினால் 40 நிமிடம் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு மூன்று மணித்தியாலம் வகுப்பு என்றால், சார்ஜரையும் செருகக்கூடிய துளை உள்ள கன்வெர்டரை வாங்க வேண்டும். விலை கூட. சில மலிவுப் போன்கள் டேட்டாவையும் சார்ஜையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளாது, ஆகவே அதையும் முன்கூட்டியே அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சார்ஜரைச் செருகுவதோ கழற்றுவதோ கூடாது. கன்வெர்டர் தன்னைத் திரும்ப ஒழுங்குபடுத்திக்கொள்ளும், லைன் அறுந்துவிடும். சார்ஜர் செருகுவதென்றால் தொடங்கும் முன்பே செருகி வையுங்கள்.

இவ்வளவு வேலை எதற்கு, பிள்ளையை ரவுட்டருக்குப் பக்கத்தில் இருத்தினால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். போதும். அதுதான் செலவில்லாத முதல் வைத்தியம், முடிந்தவர்கள் அதையே செய்யுங்கள். ஆனால் நம் வீடுகளில் முன் ஹோல் என்பது என்ன? விருந்தாளி வரும் இடம், டீவி ஓடும் இடம், சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம், ரோட்டுச் சத்தம் வரும் இடம். உயர்தரம் முடித்த ஒரு பெண் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக ஒரு மணித்தியாலம் பேச அங்கே இடமில்லை. ரவுட்டரை உள்ளே கொண்டுபோவதென்றால் ஃபைபர் லைனையே மாற்ற வேண்டும். வயரைக் கொண்டுபோவது இலகு.

வயரின் குறைகளையும் மறைக்கவில்லை. போன் ஒரு இடத்தில் கட்டுண்டு நிற்கும். நடைபாதையில் வயர் கிடந்தால் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். சின்னப் பிள்ளை ஒரு இழுப்பு இழுத்தால் போனே கீழே வந்துவிடும். அதனால் சுவரோரமாக எடுத்து, கதவு நிலைக்கு மேலால் கொண்டுபோய், மேசைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனில் செருக வேண்டும். வாட்ஸ்அப் பார்ப்பதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் இது தேவையே இல்லை. அதற்கு வைஃபை போதும். அறுந்தால் திரும்பக் கிடைக்காத மணித்தியாலங்களுக்குத்தான் வயர்.

வயர் எதைச் சரிசெய்யாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று போடும்போதும் `ping` சுத்தமாக வந்து, ஆனாலும் ஸூம் அறுகிறது என்றால் குற்றம் வீட்டுக்கு வெளியே. சிம் போடும் 4ஜி ரவுட்டர் உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அங்கே டவர் சிக்னல் மெலிந்தால் வயர் ஒன்றும் செய்யாது, ரவுட்டரை யன்னலோரம் உயரத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அதேபோல், நானாவின் போன் அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் வெளியே போகும் வழி முழுதும் அதுவே அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் உள்ள மற்றவர்கள் வைஃபையை அணைத்து வைப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவி. கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்துவிடும், வயர் அதைத் தடுக்காது. 2022 இல் கரண்ட் வெட்டிய காலத்தில் பலர் ரவுட்டருக்கென்று வாங்கிய சின்ன யூபிஎஸ் இன்னும் அலுமாரியில் இருக்கும். பெட்டரி தாங்குகிறதா என்று பார்த்து, அதை எடுத்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் காவலாக, வயரைச் சோதித்து முடித்த பிறகு மொபைல் டேட்டாவைத் திரும்பப் போட்டு வையுங்கள். வயர் இருக்கும் வரை போன் அதையே எடுக்கும், வயர் விழுந்தால் சிம்முக்கு மாறிவிடும்.

அந்த வீட்டில் மொத்தச் செலவு கன்வெர்டருக்கு 2,800 ரூபா, 15 மீற்றர் வயருக்கு அதைவிடக் குறைவு. ஒரு தடவை மட்டும். பெக்கேஜைக் கூட்டியிருந்தால் மாதா மாதம் கட்டிக்கொண்டு, அதே அறையில் அதே இடத்தில் அறுந்துகொண்டிருக்கும்.

நேர்முகம் நடந்து முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம். ஆனால் கிடைக்காவிட்டால் அது அவள் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு எடுத்த முடிவாக இருக்கும். பாதி வசனத்தைக் கேட்டுவிட்டு எடுத்த முடிவாக இருக்காது. ஒரு பிள்ளைக்கு நாம் குறைந்தது அவ்வளவையாவது கொடுக்க வேண்டும்.

கடைசியாக நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு வீடும் இதை வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு வருடத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோதான் இது தேவைப்படும். ஆகவே பாடசாலை நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதைப் போல இதையும் கொடுக்கலாம். சார்ஜர் துளையுள்ள ஒரு கன்வெர்டர், 20 மீற்றர் வயர், மேலே சொன்ன வெளிச்ச ஒழுங்கை எழுதிய ஒரு தாள், இவ்வளவையும் ஒரு பையில் போட்டு ஐந்து பை வைத்தால் நம் பாடசாலைக்குப் போதும். நேர்முகம், சோதனை, முக்கிய வகுப்பு உள்ள பிள்ளை இரண்டு நாள் முன்னதாகக் கையொப்பமிட்டு எடுத்துப் போகட்டும். இரண்டு நாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தன் போனில் பிடிக்கிறதா, வீட்டு ரவுட்டரில் எந்தத் துளை என்று பார்த்து வைக்க அந்த நேரம் வேண்டும். நேர்முகம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது செருகிப் பார்க்கும் பொருள் அல்ல இது.

பழைய மாணவர் சங்கத்தினர் இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். முதலாவது பையை நாம் தருகிறோம். அந்தப் பிள்ளையின் வாப்பா தன் வயரையும் கன்வெர்டரையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே இரண்டாவது பையும் பாதி தயார்.

ஸூம் வகுப்பில் நம்மிடம் ஏச்சு வாங்கிய பிள்ளைகளே, உங்களில் யாராவது இதை வாசித்தால், அன்று லைன் உண்மையிலேயே கட்டானதா என்று கீழே எழுதுங்கள். இந்தத் தடவை நம்புகிறோம்.